மாசில் வீணைக்கு ஓர் ஆங்கிலக் குறிப்பு

டர்பன்
ஆடி, இரண்டாம் வெள்ளி

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். கூழ் வார்க்கிற மாதம் என்பதால் கோயில் பக்கம் கூட்டம். மாரிட்ஸ்பர்கில் குளிர் உறைக்கிறதாமே, உடம்பைப் பார்த்துக்கொள்.

உங்கள் கோயில் புத்தகத்துக்கு நீ அனுப்பிய அப்பர் பாட்டின் ஆங்கிலக் குறிப்பைப் படித்தேன். பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுவோம்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

முதலில் பதம் பிரித்து எழுதிக்கொள். நீ அதைச் செய்யவில்லை என்பது இரண்டு இடத்தில் தெரிகிறது. 'மாலை மதியம்' என்பதைச் சாயங்காலமும் நடுப்பகலும் என்று போட்டிருக்கிறாய். இங்கே மதியம் என்றால் நிலா. 'வண்டறை'யில் இருப்பது அறை அல்ல, ஒலித்தல்: வண்டு மொய்த்து முரலும் பொய்கை. அகராதியைப் பார்த்து வண்டுக்கு 'பீட்டில்' என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தேனீயைச் சொல்லும் 'பீ' என்றே போடு. பூவைத் தேடி வருவது அதுதான்.

தென்றல்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். 'சவுத் விண்ட்' என்று நீ எழுதியது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் டர்பனில் தெற்கிலிருந்து அடிக்கிற காற்று குளிரையும் மழையையும் கொண்டுவருவது. அதைக் கேட்டதும் இங்குள்ளவன் ஜன்னலைச் சாத்துவான். அதனால் பொருளில் திசையை விட்டுவிட்டு 'மெல்லிய காற்று' என்று மட்டும் சொல். தமிழ்நாட்டில் தெற்கிலிருந்து வருவதே இதமான காற்று என்று அடியில் ஒரு வரி போதும்.

இளவேனிலும் அப்படியே. அது சித்திரை, வைகாசி. அப்போது நமக்கு இலையுதிர்ந்து குளிர் தொடங்கும் காலம். மாதப் பெயரைக் கொடுக்காதே. 'ஸ்பிரிங்' என்று மட்டும் போட்டால், அடுத்த வரியில் பொய்கை வருவதால் நீரூற்று என்று எடுத்துக்கொள்வார்கள். 'ஸ்பிரிங்டைம்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. 'வீங்கு' என்பதற்குப் பெருகுகிற, வளர்கிற என்று பொருள் கொள். வீக்கத்தை அங்கே கொண்டுவராதே.

நீழல் என்பது நிழல்தான், ஓசைக்காக நீண்டிருக்கிறது. அதற்கு 'ஷேடோ' வேண்டாம், 'ஷேட்' என்று எழுது. முன்னது இருட்டும் பயமும் கலந்த சொல். சாவு வீட்டில் படிக்கிற பைபிள் சங்கீதத்தால் இந்த நாட்டில் அதன் சாயல் இன்னும் கனம். பின்னது வெயிலுக்கு ஒதுங்கும் இடம். பாட்டு கேட்பதும் அதையே.

இப்போது மரியாதை. 'இணையடி'யை நீ 'தாமரைப் பாதம்' ஆக்கியிருக்கிறாய். பாட்டில் தாமரை இல்லையே! பாதம் என்றால் இளசுகளுக்கு ஒருமாதிரி இருக்கும் என்று சிலர் 'அருள்' என்று மாற்றுவதும் உண்டு. அதுவும் கூடாது, அடியை விட்டால் நிழலுக்கு இடமில்லை. வெறும் 'ஃபீட்' போதும், இணை என்பது பன்மையிலேயே வந்துவிடும். 'தை', 'தௌ' என்ற பழைய ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றையும் அடித்துவிடு. 'எந்தை' என்பது என் அப்பன். அதைப் பெரிய எழுத்தில் தொடங்கினால் சர்ச் ஜெபம் மாதிரி ஒலிக்கும். சின்ன எழுத்தில் 'மை ஃபாதர்' என்று எழுது. உறவுச் சொல்லில் குறைவு ஒன்றும் இல்லை. ஈசன் என்ற பெயரை அப்படியே விட்டு, யார் என்று ஒருமுறை சொல்லிவிடு.

வாக்கிய வரிசையையும் மாற்றியிருக்கிறாய். 'இறைவன் அடிநிழல் வீணை போன்றது' என்று ஆரம்பித்ததும் புதிர் அவிழ்ந்துவிடுகிறது. அப்பர் ஐந்து இனிமைகளை அடுக்கிவிட்டுத்தான் எதைப் பற்றி என்று சொல்கிறார். ஆங்கிலத்திலும் ஐந்தையும் முதலில் வைத்து, 'ஸச் இஸ் த ஷேட்...' என்று முடிக்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கும்.

கடைசியாக, நீற்றறைக் கதை. பல்லவ மன்னன் ஆணையால் அப்பரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. இது தெரியாதவனுக்குக் காற்றும் நிலாவும் ஏன் வருகின்றன என்றே புரியாது. பொருளோடு கலக்காமல், அதற்கு மேலே இரண்டே வரியில் தனியாகப் போடு. 'லைம் கில்ன்' என்று மட்டும் விடாதே, லைம் என்றால் பிள்ளைகளுக்கு எலுமிச்சை. 'சுண்ணாம்புக்கல் சுடுகிற சூளை' என்று விரித்து எழுது.

எல்லாம் சேர்ந்து எண்பது சொல்லுக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் அச்சில் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், பாட்டிமார் படிக்கமாட்டார்கள். திருத்தியதைத் தமிழ் தெரியாத ஒரு பையனிடம் உரக்கப் படிக்கக் கொடு. எங்கே நின்று விழிக்கிறானோ அந்த இடத்தைக் குறித்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்