பிறந்தநாள் கேக் படத்தில் சேர்த்த மெழுகுதிரிகள் தொடர்பான புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாள் படங்கள் இரண்டைத் திருத்தித் தரும்படி உங்கள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தேன். 3,500 ரூபாவையும் முழுதாகக் கட்டிவிட்டேன். இரண்டு முறை திருத்தியும் படம் சரிவரவில்லை. போனில் சொன்னது உங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு ஒன்றாக எட்டு மெழுகுதிரி குத்துவதுதான் எங்கள் எண்ணம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐந்துதான் இருந்தது. பிள்ளைகள் பொறுக்கவில்லை. ஐந்தையும் கேக்கின் வலப்பக்கம் குத்தி, லைட்டை அணைத்து, பிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுத்தோம். இடப்பக்கத்தில் மூன்று மெழுகுதிரி சேர்த்துத் தாருங்கள் என்பதுதான் உங்களிடம் நான் கேட்ட வேலை.

முதல் தடவை வந்த படத்தில் மூன்று மெழுகுதிரியும் இருந்தன. சுடரைச் சுற்றிக் காற்றில் அழகான செம்மஞ்சள் வட்டம். ஆனால் கீழே இருக்கிற ஐசிங்குக்கு அந்தச் சுடர் எரிகிற சங்கதியே தெரியவில்லை, அது இருட்டாகவே கிடந்தது. ஒவ்வொரு சுடரையும் சுற்றி மெல்லிய கறுப்புச் சதுரம் வேறு. கறுப்புப் பின்னணியில் எடுத்த சுடர்ப் படத்தை ஒட்டிவிட்டு, லேயரை Normal என்றே விட்டால் இப்படித்தான் வரும். Screen என்று மாற்றினால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கேக் செய்ய வருவதற்கு முன் கல்யாண அல்பங்களுக்கு ஆறு வருடம் படம் திருத்தியவள் நான், ஆகவே இது எனக்குத் தெரியும்.

ஐசிங்கில் வெளிச்சம் விழவில்லை என்று சொன்னதற்கு, இரண்டாம் தடவை கேக்கின் இடப்பக்கம் முழுவதும் ஒரே அளவில் செம்மஞ்சள் பூசி அனுப்பினீர்கள். அதைப் பார்த்த அம்மம்மா, "என்ன புள்ள, கேக்குக்கு மஞ்சள் பூசியிருக்கா?" என்று கேட்டார். கண் மங்கிய மனுசிக்கே தெரிகிறது.

வெளிச்சம் எப்படி விழவேண்டும் என்று நீங்கள் வேறெங்கும் தேடத் தேவையில்லை. அதே படத்தில் வலப்பக்கம் உண்மையான ஐந்து மெழுகுதிரிகள் எரிகின்றன. அவற்றைப் பார்த்து வரைந்திருந்தாலே போதும்.

முதலில் மெழுகுதிரியின் அடியைப் பாருங்கள். 'விளக்கடியில் இருட்டு' என்பார்களே, அது அப்படியே அங்கே இருக்கிறது. சுடரிலிருந்து நேர் கீழே வருகிற வெளிச்சத்தை மெழுகுதிரியின் உடம்பே மறித்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு மங்கல் வளையம் தெரிகிறது. பக்கத்துச் சுடர்கள் கொஞ்சம் வெளிச்சம் கொடுப்பதால் அது முழுக் கறுப்பாகவும் இல்லை. உங்கள் மெழுகுதிரிகளின் அடிதான் கேக்கிலேயே ஆகப் பிரகாசமான இடம். அவை ஐசிங்கில் குத்தியதுபோல் இல்லாமல் மேலே மிதப்பதுபோல் தெரிவது இதனால்தான்.

அந்த வளையத்தைத் தாண்டியதும் வெளிச்சம் கூடி, பிறகு மளமளவென்று குறைய வேண்டும். எங்கள் மெழுகுதிரியின் சுடர் ஐசிங்கிலிருந்து ஏறக்குறைய 5 சென்றிமீற்றர் உயரத்தில் இருந்தது. மெழுகுதிரி மறிக்காவிட்டால் சுடருக்கு நேர் கீழே விழக்கூடிய வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சென்றிமீற்றர் தள்ளிப் போனால் அது 35தான். 10 சென்றிமீற்றர் தள்ளினால் 9. தூரம் கூடுவது மட்டும் காரணமல்ல, தள்ளிப் போகப் போக வெளிச்சம் ஐசிங்கின் மேல் சரிந்து விழுகிறது. பத்து அங்குலக் கேக்கில் ஒரு மெழுகுதிரியின் வெளிச்சம் மறுகரைக்குப் போய்ச் சேரும்போது பெயருக்குத்தான் இருக்கும். நீங்கள் கரைக்குக் கரை ஒரே அளவில் பூசியிருக்கிறீர்கள்.

அடுத்தது பட்டர் ஐசிங்கில் நான் கையால் பிழிந்த ரோசாக்கள். வலப்பக்க ரோசாக்களில் சுடரைப் பார்த்த இதழ்கள் ஒளிர்கின்றன, முதுகுப்பக்கம் இருட்டு, அதன் பின்னால் ஒரு சின்ன நிழல். இடப்பக்க ரோசாக்களுக்கு முன்னும் பின்னும் ஒரே நிறம். அரை நாள் பிழிந்த பூக்கள் தட்டையான பொட்டுகள்போல் ஆகிவிட்டன. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் கூடுதல்தான்.

அவற்றில் இரண்டு ரோசாக்கள் நீலம். மெழுகுதிரி வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு என்பதால் நீல ஐசிங் அதன் கீழே சாம்பல் கலந்து மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை ஐசிங்தான் தேன்நிறம் ஆகும். உங்கள் படத்தில் நீல ரோசாக்கள் செம்மஞ்சளாகவே மாறிவிட்டன. நிறத்தை மேலே பூசியதன் விளைவு இது.

பூசுவதற்குப் பதிலாக, கேக் லேயரைப் பிரதியெடுத்து Curves மூலம் வெளிச்சமாக்குங்கள். சிவப்பைக் கூடுதலாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உயர்த்தி, வலப்பக்க வெள்ளை ஐசிங்கின் நிறத்தோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள். அந்த லேயரைக் கறுப்பு மாஸ்க்கால் முழுதாக மறைத்துவிட்டு, ஒவ்வொரு மெழுகுதிரிக்கும் தனித்தனியாக ஓரம் மென்மையான பிரஷ்ஷால் தேவையான இடத்தை மட்டும் திறக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஐசிங்கின் சொரசொரப்பும் அதன் சொந்த நிறமும் அடியில் அப்படியே இருக்கும்.

சுடரின் நிறத்தையும் கவனியுங்கள். கேக் தெரியும் அளவுக்கு எடுத்த படத்தில் சுடரின் நடு வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் இருக்கும். எங்கள் ஐந்தும் அப்படித்தான் இருக்கின்றன. உங்கள் மூன்றும் அடியில் நீலம், மேலே செம்மஞ்சள் என்று கலண்டர் படத்துச் சுடர்களாக நிற்கின்றன.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் போனில் எடுத்த படம் என்பதால் இடப்பக்கத்தை வெளிச்சமாக்கும்போது புள்ளி புள்ளியாகக் கிளம்பும். அதை ஓரளவுக்கு மேல் அடக்க முடியாது, அந்தக் குறையை உங்கள் தலையில் கட்டமாட்டேன்.

இரண்டாவது படத்தில் தட்டிலிருந்த ஒரு கேக் துண்டை மூன்றாக்கித் தரக் கேட்டிருந்தேன். மூன்று துண்டிலும் ஒரே கஜு, ஒரே இடத்தில். ஒன்றை மட்டும் இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அதனால் அந்தத் துண்டுக்கு மட்டும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. வெட்டுமுகத்தை வேறு துண்டிலிருந்து எடுக்க வசதியாக இன்னும் நான்கு படங்கள் அனுப்பியிருந்தேன். அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து பத்து நாட்களுக்குள் இரண்டு படங்களையும் மேலே சொன்னபடி திருத்தி, 12க்கு 18 அங்குலத்தில் மீண்டும் அச்சிட்டுத் தர வேண்டும். அச்சிடுவதற்கு முன் PSD கோப்பை எனக்கு அனுப்புங்கள், லேயர்களை நானே பார்த்துச் சொல்கிறேன். முடியாது என்றால் 3,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். பழைய அச்சுப் பிரதிகள் இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். கறுப்புச் சதுரங்களையும் கஜுவையும் பேனையால் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்