டாக்டர் உன் கடிதத்தைப் படித்தார்

அன்புள்ள செல்விக்கு,

நீ டாக்டருக்கு எழுதிய கடிதத்தை நேற்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "அப்பாவின் வலது சிறுநீரகத்தில் இருப்பது என்ன கட்டி? புற்றுநோயா? 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று போட்டு எதையாவது மறைக்கிறீர்களா?" என்று நீ கேட்டிருந்ததை அவர் வாய்விட்டே படித்தார். எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. அவர் சிரித்துக்கொண்டே ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார்.

'சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட், 2.1 செ.மீ.' என்பது கட்டி இல்லையாம், நீர்க்கொப்புளமாம். படத்தில் அது முழுக்கக் கறுப்பாக வட்டமாக இருந்தது. உள்ளே வெறும் நீர் என்பதால் அப்படித் தெரிகிறது என்றார். சுவர் தடித்திருந்தாலோ, உள்ளே தடுப்போ சதையோ தெரிந்திருந்தாலோ, சி.டி. எடுக்கச் சொல்லியிருப்பாராம். இதில் அதெல்லாம் இல்லை. ஐம்பது தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு இருப்பதுதானாம். மருந்தும் வேண்டாம், இதற்காக மறுபடி ஸ்கேனும் வேண்டாம்.

கோரிலேஷன் சமாசாரம் இன்னும் எளிது. ஸ்கேன் எடுத்தவர் படத்தை மட்டும் பார்க்கிறார், என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. நோயாளி சொல்லும் தொந்தரவோடு சேர்த்துப் பாருங்கள் என்று நம் டாக்டருக்கு அவர் எழுதும் வரி அது. பாதி ரிப்போர்ட்டுகளில் இருக்குமாம்.

அப்புறம், நீ கேட்காமல் விட்ட ஒரு வரியில்தான் டாக்டர் விரலை வைத்தார். சிறுநீர் கழித்த பிறகும் பையில் 110 மி.லி. மிச்சம், புராஸ்டேட் சற்றே வீக்கம். "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்?" என்றார். மூன்று தடவை என்றேன். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை, நீயும் கோபித்துக்கொள்ளாதே.

ஸ்கேன் அன்று என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். பை அளவுக்கு மீறி நிரம்பினால் சுருங்கும் பலம் குறைந்து மிச்சம் கூடுதலாகக் காட்டுமாம். அதனால் அந்த அளவை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது, சாதாரணமாக முட்டும்போது போய்விட்டு வந்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ., சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் இரண்டுக்கும் இன்று காலை ரத்தம் கொடுத்தாயிற்று. ராத்திரி ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள் என்றார். அம்மா அதற்கு இப்போதே காவல் போட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மறு ஸ்கேன். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கம்ப்யூட்டரில் தேடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா