பெட்டியை வாங்கும் முன் ஒரு கேள்வி: வெளிநாட்டுப் பார்சல் அலுவலகப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அப்பா கைத்தறி நெசவாளர். அவருக்கு முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது: 40 பருத்திச் சால்வைகள். பாதிப் பணம் முன்கூட்டியே வந்துவிட்டது, மீதி சரக்கு கையில் கிடைத்தபின். முன்பணம் முழுவதும் நூலுக்கும் சாயத்துக்கும் போய்விட்டது. இரண்டு மாதம் தறியை விட்டு இறங்காமல் நெய்தார். கரை ஒரு விரல் கோணினால்கூட அந்தச் சால்வையை ஒதுக்கிவிட்டு வேறு நெய்தார்.

நெசவில் ஒரு குறையும் வரவில்லை. உங்களைப் போன்ற ஒருவரின் மேசையில்தான் சிக்கல் தொடங்கியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பாவுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

முதலில் பெட்டி. சால்வைகள் மொத்தம் 10 கிலோ, பெட்டியோடு 11 கிலோ. அந்த எடைக்குத்தான் அனுப்பும் செலவைக் கணக்குப் போட்டு, வாங்குபவரிடமும் சொல்லியிருந்தோம். அலுவலகத்தில் தந்த பெட்டியோ 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 21.6 கிலோ. தராசு எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அந்த எடைக்குத்தான் கட்டணம் என்பது பில் கைக்கு வந்தபின்தான் தெரிந்தது. காற்றுக்கும் காசு கட்டினோம். பருத்திச் சால்வை அழுத்தி மடிக்கக்கூடிய பொருள். 60, 40, 25 அளவுள்ள பெட்டியில் அடங்கியிருக்கும். அதற்குக் கணக்கு 12 கிலோதான். இந்த நட்டம் பெரிதென்றாலும் அதோடு முடிந்துபோனது.

அடுத்ததுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. சுங்கப் படிவத்தில் பொருளின் பெயர் என்ற இடத்தில் அவர் 'துணி' என்று எழுதினார். நோக்கம் என்ற இடத்தில் 'பரிசு' என்று குறித்தார். "பரிசுன்னு போட்டா வரி வராது, மதிப்பையும் குறைச்சுப் போடலாம்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே மாதிரி 40 சால்வைகளைப் பார்த்தால் எந்தச் சுங்க அதிகாரியும் பரிசு என்று நம்பமாட்டார். பெட்டி வாங்குபவரின் நாட்டுச் சுங்கத்தில் நின்றது. வாங்குபவரிடம் இன்வாய்ஸ் கேட்டார்கள். அதிலிருந்த விலையும் படிவத்திலிருந்த விலையும் ஒத்துப்போகவில்லை. இதற்கு நடுவில் இறக்குமதி வரியை யார் கட்டுவது என்ற கேள்வியும் எழுந்தது. தான் பேசிய விலையில் எல்லாம் அடக்கம் என்று வாங்குபவர் நினைத்திருந்தார். நாங்களோ அப்படி ஒரு வரி இருப்பதையே யோசிக்கவில்லை. பெட்டியை வேண்டாம் என்று திருப்பிவிடப் போவதாக எழுதினார். திரும்பி வந்தால் அந்தச் செலவும் எங்கள் தலையில்தான். வழியில் தொலைந்திருந்தாலோ, குறைத்து எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்டிருக்க முடியாது. 19 நாள் பெட்டி அங்கே கிடந்தது. அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணமில்லாமல் தறி சும்மா நின்றது.

கடைசியில் திருத்திய இன்வாய்ஸை அனுப்பினோம். அதில் 'கைத்தறியில் நெய்த சால்வை, 100% பருத்தி, 40 எண்ணம்' என்று எழுதி, சுங்கத்தில் பொருள்களை வகை பிரிக்கும் எச்.எஸ். குறியீடு 6214.90 என்றும் போட்டோம். அந்தக் குறியீட்டுப் பட்டியலில், மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் பருத்தித் துணி 52-ஆம் அத்தியாயம். முடித்த சால்வை 62-ஆம் அத்தியாயம். வரி விகிதமே மாறிவிடலாம். முதல் ஆறு இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்கும் பொதுவானவை என்பதால் அங்கிருந்த சுங்க அதிகாரிக்கும் அது புரிந்தது. வரியில் பாதியை மீதித் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும்படி வாங்குபவரிடம் சொன்னோம். அவரும் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். விற்பனைச் சரக்கோடு ஒருவர் வந்தால், பெட்டியைத் தராசில் வைப்பதற்கு முன், "அந்தப் பக்கத்து வரியை யார் கட்டுகிறார்கள்? பேசிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். டி.ஏ.பி., டி.டி.பி. என்ற எழுத்துகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். முதலாவதில் வரி வாங்குபவருடையது, இரண்டாவதில் அனுப்புபவருடையது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பேசவில்லை என்றால் அன்று பெட்டியை வாங்காதீர்கள். ஒருநாள் தாமதம் எங்களுக்குப் பெரிதில்லை. அப்புறம், விற்ற பொருளைப் பரிசு என்று எழுதும் உதவி தயவுசெய்து வேண்டாம்.

அதே வாங்குபவர் இப்போது 60 சால்வை கேட்டிருக்கிறார். பாவு ஏற்றியாகிவிட்டது. முடிந்ததும் அப்பா உங்களில் ஒருவரிடம்தான் வருவார். இந்த முறை பெட்டியை வீட்டிலேயே அளந்து கொண்டுவருவார், இன்வாய்ஸும் கையில் இருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு நெசவாளரின் மகள்