தூக்க மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கு, வணக்கம்.

தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று வருகிறவருக்கு அல்பிரசோலமோ குளோனசெபமோ டயசெபமோ எழுதிக் கொடுக்கும்போது "இதோடு குடிக்கக் கூடாது" என்று ஒரு வரி சொல்லி அனுப்புகிறீர்கள். சிலர் அதையும் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்கிறவர் காதில் அது எல்லா மாத்திரைக்கும் சொல்லும் பொதுவான புத்திமதியாகத்தான் விழுகிறது. நான் மருந்தியல் பாடம் நடத்துகிறவள். இந்த இடத்தில் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், நோயாளியிடம் கேட்கும் கேள்வியையும் கொஞ்சம் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மூளையில் நரம்பு செல்களை அடக்கி வைக்கும் முக்கியமான வேதிப்பொருள் காபா. அது போய் உட்காரும் இடம் காபா-ஏ ஏற்பி. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நிற்க, நடுவில் ஒரு துளை இருக்கும். காபா வந்து ஒட்டியதும் துளை திறக்கும், வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே வரும், செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் பக்கம் சாயும், அந்த செல்லைத் தூண்டுவது கடினமாகிவிடும். படபடப்பு தணிவது, தூக்கம் வருவது, நாக்கு குழறுவது, நடை தள்ளாடுவது, வலிப்பு அடங்குவது, அளவு மீறினால் மூச்சு மெலிவது எல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே வேலை மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நடப்பதால் வருபவைதான். அதனால்தான் மது, மேலே சொன்ன மாத்திரைகள் அடங்கிய பென்சோடயசெபைன் வகை, பழைய தூக்க மருந்தான பார்பிச்சுரேட் மூன்றில் எதை எடுத்தவரையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிறது.

ஆனால் மூன்றும் உட்காரும் இடம் வேறு. பென்சோடயசெபைன் காபாவின் இருக்கையில் உட்காராமல், பக்கத்தில் ஆல்ஃபா, காமா என்ற இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்கிறது. அதனால் தானாகத் துளையைத் திறக்க முடியாது. காபா இருந்தால் துளையை இன்னும் அடிக்கடி திறக்க வைக்கும், அவ்வளவுதான். பார்பிச்சுரேட், செல்லின் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில் உட்கார்ந்து, திறந்த துளையை அதிக நேரம் திறந்தே வைக்கிறது. அளவு கூடினால் காபாவே இல்லாமலும் துளையைத் திறந்துவிடும். மதுவும் பல வகைக் காபா-ஏ ஏற்பிகளில் அந்தச் சவ்வுப் பகுதியில்தான் கை வைக்கிறது, ஆனால் அவ்வளவு துல்லியமாக இல்லை. கூடவே, மூளையைத் தூண்டிவிடும் குளுட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியையும் அது அமுக்குகிறது. மதுவைக் காபா கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

பென்சோடயசெபைன் உடம்பு சுரக்கும் காபாவை நம்பித்தான் வேலை செய்கிறது என்பதால் அதன் விளைவுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் அதை மட்டும் அதிகமாக விழுங்கினால் ஆழ்ந்து தூங்குவார், மூச்சு பெரும்பாலும் நின்றுவிடாது. பார்பிச்சுரேட்டுக்கு அந்த வரம்பு இல்லை. போதாததற்கு, தூக்கத்துக்கு உடம்பு பழகும் வேகத்தில் மூச்சு நிற்கும் அளவுக்குப் பழகுவதில்லை, ஆகவே நாளாக ஆக இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். 1960-ல் குளோர்டயசெபாக்சைடும் 1963-ல் டயசெபமும் வந்த பிறகு தூக்கத்துக்கு பார்பிச்சுரேட் எழுதும் வழக்கம் படிப்படியாக ஒழிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

சரி, அந்த உச்சவரம்பு மாத்திரையைத் தனியாகப் போடும்போது மட்டும்தான். மது அதே ஏற்பியை இன்னொரு இடத்திலிருந்து தள்ளும்போது வரம்பு போய்விடுகிறது, தனித்தனியாகத் தாங்கக்கூடிய இரண்டு அளவுகள் சேர்ந்து மூச்சை நிறுத்திவிடலாம். "மாத்திரை நேற்று ராத்திரி போட்டது, இன்று சாயங்காலம்தானே குடித்தேன்" என்ற கணக்கும் உதவாது. டயசெபத்தின் பாதி வெளியேறவே ஒன்றிரண்டு நாள் ஆகும், உடம்பில் அதிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருளும் வேலை செய்யும், அது இன்னும் மெதுவாகத்தான் போகும். பென்சோடயசெபைனுக்கு ஃப்ளூமசெனில் என்ற முறிமருந்து இருக்கிறதே என்றால், அது பென்சோடயசெபைனின் இருக்கையை மட்டும்தான் பிடிக்கும். மதுவும் பார்பிச்சுரேட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாத்திரைக்கு நாள்பட்டுப் பழகியவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பே வரலாம்.

இதன் மறுபக்கத்தை ஒருவரை வைத்துப் பார்ப்போம். பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் கால் உடைந்து வார்டில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதைப் பற்றி யாரும் விவரமாகக் கேட்கவில்லை. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது. வலியால் இருக்கும் என்று எழுதி வைக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகலாம். தினமும் மது அழுத்திக்கொண்டே இருந்ததால் அவர் மூளை, ஓயாமல் பிரேக் போட்ட வண்டியில் ஆக்சிலரேட்டரை ஏற்றிக்கொண்டே போவது மாதிரி, காபா ஏற்பிகளின் உணர்வைக் குறைத்து குளுட்டமேட் பக்கத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. திடீரென்று மது இல்லை என்றானதும் தூண்டுதல் மட்டும் மிச்சமாகிறது.

அவருக்கு ரத்தக்குழாய் வழியாக டயசெபம் ஏற்றினால் அடங்குகிறது, ஏனென்றால் மது விட்டுப்போன அதே ஏற்பியில் அது வேலை செய்கிறது. மற்றவர்களைச் சாய்த்துவிடும் அளவு ஏற்றியும் அவர் முழித்துக்கொண்டு பேசுகிறாரா? மதுவுக்குப் பழகிய ஏற்பி மாத்திரைக்கும் பழகியிருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். பென்சோடயசெபைன் போதவில்லை என்றால் பார்பிச்சுரேட் வகையைச் சேர்ந்த ஃபீனோபார்பிட்டால் கொடுக்கிறார்களே, அதுவும் இதே தர்க்கம்தான்: காபாவைச் சார்ந்திருக்கும் மருந்து தோற்கும் இடத்தில், துளையைத் தானே திறக்கக்கூடியது வேலை செய்கிறது. அதை மூச்சைக் கண்காணிக்க வசதியுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் மட்டும் கொடுத்து ஆளை அமைதியாக்கினால் வெளியே அடங்கின மாதிரி தெரியும், உள்ளே வலிப்புக்கான தடை இன்னும் தளர்ந்துதான் போகும்.

இதே ஆள் குடிக்காமல் தினமும் அல்பிரசோலம் போடுகிறவராக இருந்து, மருந்துப் பட்டியலில் அது விட்டுப்போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஓரிரு நாளில் ஆரம்பிக்கும். டயசெபம் என்றால் ஒரு வாரம் கழித்துக்கூட வரும், அதற்குள் நிறுத்தியது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அதனால் கேட்கிறேன். "குடிப்பீர்களா?", "தூக்கத்துக்கு, படபடப்புக்கு, வலிப்புக்கு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா?" இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள். முதலாவதற்கு ஆமாம் என்றால் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டு, நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். குடியைத் திடீரென்று தானாக நிறுத்தப் போகிறேன் என்று தினமும் குடிக்கிறவர் சொன்னால், பாராட்டி அனுப்பிவிடாமல் மேற்பார்வைக்கு வழி சொல்லுங்கள். மாத்திரையை எழுதும் அன்றே எத்தனை வாரத்துக்கு, பிறகு எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அதே சீட்டில் எழுதுங்கள். நோயாளியிடம் சொல்ல இவ்வளவு போதும்: "இந்த மாத்திரையும் மதுவும் மூளையில் ஒரே பிரேக்கைத்தான் அமுக்கும், சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம், இரண்டில் எதையும் பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அப்படி நிறுத்தத் தோன்றினால் முதலில் என்னிடம் வாருங்கள்."

அன்புடன்,
மருந்தியல் ஆசிரியை ஒருவர்