அப்பான்ர பேரில ஆங்கில எழுத்துத் தேடிக்கொண்டிருக்கிற கிளெயிம்ஸ் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

காப்புறுதிக் கம்பனியின்ர கொழும்பு தலைமை அலுவலகத்தில மரணக் கிளெயிம் பார்க்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

என்ர ஃபைல் உங்கட மேசையிலதான் கிடக்குது, அதால முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. பாலிசி நம்பர் உங்களிட்ட இருக்கு, அப்பான்ர மரண அத்தாட்சிப்பத்திரம் இருக்கு, என்ர பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கக் கொப்பி இருக்கு, நொமினி எண்டு பாலிசியில என்ர பேர்தான் இருக்கு. போன கிழமை உங்கட ஆள் ஒருத்தர் ஃபோன் எடுத்து "மிஸ், டெத் சேர்ட்டிஃபிக்கேட் டிரான்ஸ்லேசன்ல இருக்கிற பேரும் பாலிசியில இருக்கிற பேரும் மட்ச் ஆகேல்ல" எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டார். அதுக்குப் பிறகுதான் இந்த மடலை எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதுறது எண்டு முடிவெடுத்தன்.

கேக்கிறது ஒண்டே ஒண்டுதான், முதலே சொல்லிவிடுறன். இந்தக் கிளெயிமுக்கு இன்னும் என்னென்ன வேணும் எண்டு ஒரே கடிதத்தில, தமிழில, முழுக்க எழுதி அனுப்புங்கோ. ஃபோனில ஒண்டு, எஸ்எம்எஸ்ஸில ஒண்டு, பிராஞ்சில இருக்கிற பிள்ளை சொல்லுறது ஒண்டு எண்டு துண்டு துண்டா வேண்டாம்.

இப்ப அந்தப் பேர்ப் பிரச்சினைக்கு வாறன். அப்பான்ர பேர் கணபதிப்பிள்ளை. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ வயல் செய்த மனுசன். 2014 இல உங்கட ஏஜென்ட் வீட்டு முற்றத்தில கதிரை போட்டு இருந்து புரொபோசல் ஃபோர்மை நிரப்பினார், ஆங்கிலத்தில நிரப்பினார். அப்பாக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அப்ப அப்பாட்ட இருந்தது பழைய லமினேட் அடையாள அட்டை, அதில சிங்களமும் தமிழும்தான் இருந்தது, ஆங்கிலத்தில பேரே இல்லை. அப்ப அந்த ஆங்கில ஸ்பெல்லிங் எங்கயிருந்து வந்தது? ஏஜென்டின்ர காதில விழுந்த மாதிரி வந்தது. அவர் ஆங்கில ஜீ எழுத்தில தொடங்கி, நடுவில பீ எழுத்தை ஒண்டோட முடிச்சிட்டார்.

பிறகு 2019 இல அப்பா புது அடையாள அட்டை எடுத்தார், அதில மூண்டு மொழியும் இருக்கு, ஆங்கிலத்தில கே எழுத்து வந்திட்டுது. போன வருசம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில அப்பா செத்தவர். சாவு நடந்த இடத்திலதான் பதியவேணும் எண்டபடியா நாங்கள் ஒட்டுசுட்டான் ஆக்களா இருந்தும் யாழ்ப்பாணத்தில பதிஞ்சு அங்கயிருந்துதான் பத்திரம் எடுத்தது. அது தமிழில இருக்கு. நீங்கள் ஆங்கில மொழிபெயர்ப்புக் கேட்டியள், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரிட்ட காசு குடுத்துச் செய்விச்சம். அவர் தமிழில இருந்ததை எழுத்துக்கு எழுத்துப் பாத்து கே போட்டு பீ எழுத்தை ரெண்டு தரம் போட்டிட்டார், உண்மையில அவர் செய்ததுதான் சரி, தமிழில ப் அழுத்தித்தானே இருக்கு.

ஆக ஒரு மனுசனுக்கு ஆங்கிலத்தில மூண்டு பேர். மூண்டையும் எழுதினது மூண்டு வேற ஆக்கள், அதில ஒருத்தரும் அப்பா இல்லை. அப்பா தன்ர கையால எழுதினது ஒண்டே ஒண்டுதான், அது அந்தப் புரொபோசல் ஃபோர்மில கடைசிப் பக்கத்தில போட்ட கையெழுத்து. தமிழ்க் கையெழுத்து. கணபதிப்பிள்ளை எண்டு முழுசா எழுதித்தான் கையெழுத்து வைப்பார், சுருக்கிக் கிறுக்கிற பழக்கம் இல்லை. அந்த ஃபோர்மின்ர ஒறிஜினல் உங்கட ஃபைலில இருக்கு, எங்களிட்ட இல்லை. அதை எடுத்து மரணப் பத்திரத்தில இருக்கிற தமிழ்ப் பேருக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, ஒரு புள்ளி மாறாமல் இருக்கும். தமிழைத் தமிழோட பாக்கிறதை விட்டிட்டு, ஒருத்தர் காதால கேட்டு எழுதின ஆங்கிலத்தையும் இன்னொருத்தர் கண்ணால பாத்து எழுதின ஆங்கிலத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சு மட்ச் ஆகேல்ல எண்டா எப்பிடி ஆகும்.

அடுத்தது அடையாள அட்டை நம்பர். பாலிசியில பழைய நம்பர் இருக்கு, ஒன்பது இலக்கமும் வி எழுத்தும். அட்டைக் கொப்பியில பன்னிரண்டு இலக்கம். "டிஃபறன்ட் நம்பர்" எண்டு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. எனக்கு வந்த சிரிப்பை என்னெண்டு சொல்ல. பழைய நம்பர் 58 இல தொடங்குது, அது பிறந்த வருசம். அடுத்த மூண்டு இலக்கமும் அந்த வருசத்தில எத்தினையாவது நாள் பிறந்தவர் எண்டதைக் காட்டுறது, பொம்பிளையளுக்கு அதோட 500 கூட்டிப் போடுறவை. இப்ப முன்னுக்கு 19 ஐப் போடுங்கோ, பழைய நம்பரின்ர முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் செருகுங்கோ, கடைசியில நிக்கிற வி ஐ எடுத்துவிடுங்கோ. பன்னிரண்டு இலக்கமும் வந்திட்டுதா? அட்டையோட ஒத்துப் போகுதா? இது ஓ எல் படிக்கிற பிள்ளையும் செய்யிற கணக்கு. இந்த நாட்டில வயசான சனத்தின்ர பாலிசி எல்லாத்திலயும் பழைய நம்பர்தான் இருக்கும், இதை உங்கட கொம்பியூட்டருக்கு ஒருக்காச் சொல்லிக் குடுத்தா எத்தினை வீட்டுக்கு இந்த எஸ்எம்எஸ் போகாமல் நிக்கும்.

இதில இன்னொரு விசயமும் இருக்கு. வயசு உறுதிப்படுத்தேல்ல, பிறப்பு அத்தாட்சிப்பத்திரம் வேணும் எண்டும் கேட்டியள். 2009 இல வன்னியில இருந்து வந்த சனத்திட்ட என்ன ஆவணம் மிஞ்சினது எண்டு நான் உங்களுக்குச் சொல்லித் தெரியவேணுமெண்டு இல்லை. செட்டிகுளம் முகாமுக்குப் போகேக்க எங்களிட்ட இருந்தது உடுத்த உடுப்பும் ஒரு சொப்பிங் பையும். பிறப்புப் பதிவு இருக்கிற இடத்தில திருப்பி எடுக்கலாம்தான், அதுக்கும் அலையத் தயார், ஆனா பிறந்த வருசமும் நாளும் அந்த அடையாள அட்டை நம்பருக்குள்ளயே இருக்கேக்க, அந்த வயசை வச்சுத்தான் நீங்களும் 2014 இல பிரீமியம் கணிச்சுப்போட்டு இருக்கேக்க, இப்ப செத்த பிறகு அவர் பிறந்தவரோ எண்டு கேக்கிறது என்ன ஞாயம்?

பிரீமியம் வாங்கேக்க இந்தப் பேரில ஒரு பிழையும் இருக்கேல்லத்தானே. ஜீ எழுத்தில தொடங்கின அந்த மனுசன் மாதம் மாதம் கட்டினார், ரசீது குடுத்தியள், வருசம் முடிய கலண்டர் தந்தியள், ஏஜென்ட் நல்லா விற்றவர் எண்டு வெளிநாட்டுப் பயணமும் போயிட்டு வந்தார், நல்லது. செத்த உடனதான் எழுத்துக்கூட்டிப் பாக்கிறியள். சரி, விடுவம், கோபத்தில எழுதினா விசயம் கெட்டுப்போகும்.

இனி என்ர பக்கத்து விசயம், பாங்க் விபரம். பாலிசியில நான் அப்பான்ர முதலெழுத்தோட இருக்கிறன், அப்ப கலியாணம் கட்டேல்ல. என்ர அடையாள அட்டையிலயும் அதே முதலெழுத்துத்தான். பாங்க் புத்தகத்தில மட்டும் கலியாணத்துக்குப் பிறகு திறந்தபடியா கணவரின்ர முதலெழுத்து. உங்கட படிவத்தில நொமினியின்ர தனிப்பேரில இருக்கிற கணக்கு எண்டு இருக்கு, கூட்டுக் கணக்கு எடுபடாது எண்டும் இருக்கு, அது விளங்குது, காசு வேற ஆளின்ர கைக்குப் போகக்கூடாது எண்டுதான் அந்த விதி, நல்ல விதி. என்ர கணக்கு தனிக் கணக்குத்தான். புத்தகத்தின்ர முதல் பக்கத்தில கணக்கு நம்பருக்குப் பக்கத்தில என்ர அடையாள அட்டை நம்பர் இருக்கு, விவாகப் பதிவுப் பத்திரம் ரெண்டு முதலெழுத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லுது. ரெண்டையும் சேத்துத்தான் அனுப்பினன். அதுக்குப் பதிலா வந்தது, "நேம் மிஸ்மட்ச், புது அக்கவுண்ட் ஓப்பின் பண்ணுங்கோ."

இந்த ரெண்டு பேர்ப் பிரச்சினைக்கும் வழி ஒண்டு இருக்கு, உங்கட பிராஞ்சிலயே சொன்னவை. சமாதான நீதவானுக்கு முன்னால முத்திரை ஒட்டி ஒரு சத்தியக் கடதாசி முடிக்கிறது, இந்த இந்தப் பேரில இருக்கிறவர் ஒரே ஆள்தான் எண்டு. அதோட ஜீஎஸ்ஸின்ர கடிதம், அதில பிரதேச செயலாளரின்ர மேலொப்பம். செய்தன். அப்பாக்கு மட்டும் செய்தன், ஏனெண்டா அப்ப அப்பான்ர பேரை மட்டும்தான் கேட்டவை. அது போய்ச் சேந்த பிறகுதான் பாங்க் பேர் பிழை எண்டு சொன்னவை. இதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறன், எல்லாத்தையும் ஒரே கடிதத்தில எழுதியிருந்தா ஒரே சத்தியக் கடதாசியில அப்பான்ர பேரும் என்ர பேரும் ஒண்டாப் போயிருக்கும், ஒரு பஸ் காசு, ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். ஒட்டுசுட்டானில இருந்து மாங்குளம் வந்து ஏ9 இல பஸ் மாறி கிளிநொச்சி வாறது உங்களுக்கு வரைபடத்தில ஒரு விரல் நீளம்தான், எங்களுக்கு அது ஒரு பகல்.

ஆஸ்பத்திரி டொக்டர் நிரப்பவேண்டிய படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நீங்கள் எல்லாத்துக்கும் கடைசியில தந்தியள். அப்பாவைப் பாத்த டொக்டர் அதுக்குள்ள மாற்றமாகிப் போயிட்டார், வாட் ரிக்கெட்டை ரெக்கோர்ட் ரூமில தேடி எடுத்து வேற டொக்டர் பாத்து எழுதவேண்டியதாப் போச்சு. பாலிசி எடுத்து ஒண்டு ரெண்டு வருசத்துக்குள்ள ஆள் செத்தா நோயை மறைச்சவரோ எண்டு துருவுறது விளங்குது. இது 2014 இல எடுத்த பாலிசி. தேவையெண்டா கேளுங்கோ, ஆனா முதல் நாளே கேட்டிருந்தா அந்த டொக்டரிட்டயே வாங்கியிருப்பன்.

தமிழில கேக்கிறதைப் பற்றி ஆரும் குறை நினைக்காதேங்கோ. தமிழ் அரசகரும மொழியா இருக்கிறது அரசாங்கக் கந்தோருகளைத்தான் கட்டும், தனியார் கம்பனி உங்களைக் கட்டாது எண்டு எனக்கும் தெரியும். ஆனா பாலிசியை விக்கேக்க உங்கட ஏஜென்ட் தமிழிலதானே கதைச்சவர். இந்தப் பக்கம் நொமினியா இருக்கிறவையில கனபேர் என்னைவிட வயசான அம்மாமார், ஆங்கிலக் கடிதம் வந்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டக் குடுத்து வாசிப்பிக்கினம், அந்தப் பிள்ளை "ஏதோ குறையுதாம் ஆச்சி" எண்டு சொல்லும், அவ்வளவுதான் அவைக்குத் தெரியிறது. கனபேர் அதோட விட்டிடுவினம். விட்டிடுவினம் எண்டுதான் நீங்கள் நினைக்கிறியளோ எண்டும் சில நேரம் யோசிக்கிறனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

முதலில உங்கட கம்பனியின்ர முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதவேணும், அங்க சரிவராட்டில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்டப் போகலாம், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம் எண்டு எனக்குச் சொன்னவை. முறைப்பாடு எழுதி வச்சிருக்கிறன், இன்னும் தபாலில போடேல்ல. உங்களோட சண்டை பிடிக்கிறது என்ர நோக்கம் இல்லை. அப்பா எடுத்த அஞ்சு லட்சமும் அதுக்குச் சேந்த போனசும்தான், அதில முதல் வேலை அப்பா வயலுக்கு வாங்கின கடன்.

ஆகையால தயவுசெய்து, புரொபோசல் ஃபோர்மில இருக்கிற தமிழ்க் கையெழுத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஏதும் குறை இருந்தா, என்ன வேணும், ஆரின்ர ஒப்பத்தோட வேணும், ஒறிஜினலோ கொப்பியோ எண்டு ஒரே கடிதத்தில தமிழில எழுதி, கீழ ஒரு பொறுப்பான ஆள் பேரும் நேரடி ஃபோன் நம்பரும் போட்டு அனுப்புங்கோ. பதிவுத் தபாலில அனுப்பினா நல்லது, சாதாரணத் தபால் இஞ்ச சில நேரம் கடையில குடுத்திட்டுப் போயிடுவினம்.

நன்றி.

இப்படிக்கு,
பாலிசியில நொமினியா இருக்கிற மகள்,
ஒட்டுசுட்டான்.