‘ஈச்’ விதி தமிழுக்குச் சரிவராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நம் இதழின் மாணவர் பக்கத்தில் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்று வந்திருந்தது. ‘ஈச்’, ‘நைதர்’ ஆகிய சொற்கள் எழுவாயாக வந்தால் வினை ஒருமையில்தான் முடிய வேண்டும், நடுவில் எத்தனை பன்மைச் சொற்கள் வந்தாலும் ஏமாறக் கூடாது என்று விளக்கியிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது சரியான பாடம்தான். ஆனால் கடைசி வரியில், “தமிழிலும் இதே விதிதான்” என்று ஒரு போடு போட்டிருந்தார்கள். அங்கேதான் எனக்குக் கை அரித்தது. முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பேனாவைக் கையில் பிடிக்காமல் பேப்பர் படிக்க வருவதில்லை.

முதலில் ஒரு வாக்கியம். மாவட்டச் செய்திகளில் அடிக்கடி பார்க்கும் அச்சில் நானே வார்த்தது:

“வெள்ளத்தில் அழுகிய பயிர்களைப் பார்வையிட வந்த மூன்று பேர் கொண்ட அதிகாரிகள் குழு, ஊராட்சித் தலைவர், விவசாயச் சங்க நிர்வாகிகள் ஆகியோருடன் ஆலோசனை நடத்திய பிறகு, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு விவசாயிகளிடமும் மனுக்களைப் பெற்றுக்கொண்டு மாலையில் சென்னை திரும்பினர்.”

திரும்பியது யார்? குழு. குழு என்பது அஃறிணை ஒருமை. ஆகவே ‘திரும்பியது’ என்றுதான் முடிய வேண்டும். ‘குழு’வுக்கும் ‘திரும்பினர்’ என்பதற்கும் நடுவில் 16 சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் தலைவர் இருக்கிறார், நிர்வாகிகள் இருக்கிறார்கள், விவசாயிகள் இருக்கிறார்கள். எழுதியவர் முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் காதில் ஒலித்தது இந்த மனிதர்கள்தான், குழு மறந்துபோயிற்று. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த மறதி சுலபமாக நேரும். பொருளும் லேசாகக் கெடுகிறது. அவசரமாகப் படிக்கிறவர், சங்க நிர்வாகிகளும் அதிகாரிகளோடு சென்னைக்கு வண்டி ஏறிவிட்டார்கள் என்று நினைக்கக்கூடும்.

இதை எப்படிச் சரி செய்வது? மாணவர் பக்கம் சொன்ன வழியில் போனால் வினையைத் திருத்தி ‘குழு திரும்பியது’ என்று எழுத வேண்டும். தவறில்லை. ஆனால் தமிழில் இன்னொரு வழி இருக்கிறது, பெரும்பாலும் அதுவே நல்ல வழி: வினையை விட்டுவிட்டு எழுவாயைத் திருத்துவது. ‘குழுவினர் திரும்பினர்.’ ஒரு விகுதியைச் சேர்த்ததும் அஃறிணை உயர்திணையாகிவிட்டது. அணி, அணியினர், கட்சி, கட்சியினர், காவல்துறை, காவல்துறையினர், போலீஸ், போலீஸார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டீம்’ என்ற சொல்லை மாற்றாமலே வினையை ஒருமையிலும் வைப்பார்கள், பன்மையிலும் வைப்பார்கள். நாம் எழுவாயிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெயரில் முடிவெடுத்துவிட்டால் வினை தானாக வந்து சேரும்.

எப்போது குழு, எப்போது குழுவினர் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். ஓர் அமைப்பாக நின்று செய்கிற காரியத்துக்குக் குழு போதும்: குழு பரிந்துரைத்தது, குழு கலைக்கப்பட்டது. கைகால் உள்ளவர்கள் செய்கிற காரியம் என்றால் குழுவினர்: குழுவினர் வயலில் இறங்கினர். ‘குழு மதியம் சாப்பிட்டது’ என்று எழுதினால் இலக்கணம் வாழும், வாசகர் சிரிப்பார். வினை வரும் முன்பே பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளமும் உண்டு. ‘குழு தங்கள் அறிக்கையை’ என்று எங்காவது கண்ணில் பட்டால், எழுதியவர் மனத்தில் குழு ஏற்கெனவே பன்மையாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ‘குழு தன் அறிக்கையை’ அல்லது ‘குழுவினர் தங்கள் அறிக்கையை’ என்றுதான் இருக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்தத் ‘தங்கள்’ளைத்தான்.

இது இன்றைக்குப் பிறந்த சிக்கலும் இல்லை. உலகம் என்ற சொல் மக்களைக் குறித்தாலும் அஃறிணை முடிபே கொள்ளும் என்பதைத் தொல்காப்பியரே கவனித்திருக்கிறார். இன்றும் ‘உலகம் சிரித்தது’ என்கிறோம், ‘உலகம் சிரித்தனர்’ என்று யாரும் சொல்வதில்லை. சின்ன வாக்கியத்தில் காது காப்பாற்றிவிடும். நீண்ட வாக்கியத்தில் காது ஏமாந்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ‘ஒவ்வொரு விவசாயிகளிடமும்’. ஒவ்வொரு என்றால் அடுத்து வரும் பெயர் ஒருமையாகத்தான் இருக்க வேண்டும்: ஒவ்வொரு விவசாயியிடமும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் ‘ஒவ்வொருவரும்’ எழுவாயாக வந்தால் வினை என்ன என்பதில் மாணவர் பக்கத்தின் ஒருமை விதி இங்கே முட்டிக்கொள்கிறது. ‘ஒருவர்’ என்பது பொருளில் ஒருமை. ஆனால் பன்மை வினையைக் கொள்ளும் என்று நன்னூல் சொல்கிறது. ‘ஒருவர் வந்தார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ பழைய கணக்கில் பலர்பால் விகுதி. இன்று அதை மரியாதை ஒருமையாகப் பேசிப் பழகிவிட்டோம். அதனால் ‘ஒவ்வொருவரும் ஒரு மரக்கன்று நட்டார்’ என்றால் பழைய இலக்கணமும் ஒப்பும், இன்றைய காதும் ஒப்பும். ‘நட்டனர்’ என்று எழுதியவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் ‘நட்டார்’ என்று எழுதியதை ஒருபோதும் திருத்தியதில்லை.

இங்கே நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. ‘மாணவர்களில் ஒவ்வொருவரும் ஒரு கன்று நட்டார்’, ‘மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கன்று நட்டனர்’, இரண்டும் சரி. முதலாவதில் ‘இல்’ வந்து மாணவர்களை எழுவாய் இடத்திலிருந்து இறக்கிவிட்டது, ஒவ்வொருவரும்தான் எழுவாய். இரண்டாவதில் எழுவாய் மாணவர்கள். ஒவ்வொருவரும் என்பது பக்கத்தில் நின்று ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டுகிறது. ஒரு ‘இல்’லில் எழுவாயே மாறிவிடுகிறது. பேருந்துகளுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்: ‘பேருந்துகளில் ஒவ்வொன்றும் சோதனை செய்யப்பட்டது’, ‘பேருந்துகள் ஒவ்வொன்றாகச் சோதனை செய்யப்பட்டன’.

பேருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது, நம் இதழில் மிக அதிகமாகக் கண்ணை உறுத்துவது இதுதான்: ‘நான்கு பேருந்துகள் எரிந்தது’. எரிந்தன என்று இருக்க வேண்டும். எழுதுபவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மை வினை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டது. ‘நாலு பஸ் எரிஞ்சுபோச்சு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ‘ஓடும்’, ‘எரியும்’ போன்ற எதிர்கால வினைகளுக்கு எழுத்திலும் ஒருமை பன்மை வேறுபாடு கிடையாது. பேருந்தும் ஓடும், பேருந்துகளும் ஓடும். ஆக இந்தப் பிழை இறந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் மட்டும்தான் தலைகாட்டும். செய்தி என்பதோ பெரும்பாலும் இறந்த காலம்!

‘நைதர்’ விஷயத்துக்கு வருகிறேன். இதில் தமிழ் நமக்குச் சலுகை தந்திருக்கிறது. ‘இருவரில் ஒருவரும் வரவில்லை’, ‘இரண்டில் எதுவும் பிடிக்கவில்லை’. இல்லை என்பது ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் பொதுவான சொல். நான் வரவில்லை, அவள் வரவில்லை, மாடுகள் வரவில்லை. இங்கே இயைபுப் பிழை செய்ய நினைத்தாலும் முடியாது. ஒருமையா பன்மையா என்று ஆங்கிலம் படிக்கும் பிள்ளை தலையைச் சொறிகிற இடத்தில் நம் பிள்ளை நிம்மதியாகத் தாண்டிப் போய்விடலாம்.

மாட்டிக்கொள்வது ‘மாட்டார்’ வரும்போதுதான். ‘அண்ணனோ தங்கையோ வர மாட்டா…’ என்று எழுதிவிட்டு அடுத்த எழுத்தில் பேனா நின்றுவிடும். மாட்டானா, மாட்டாளா? இரண்டும் இல்லை, ஆணும் பெண்ணும் கலந்துவிட்டால் பலர்பால்தான்: மாட்டார்கள். ‘நானோ என் மனைவியோ வர மாட்டோம்’ என்பதில் தன்மை மற்றதை விழுங்கிவிடுகிறது. மாணவர் பக்கத்தில் கொடுத்திருந்த ஆங்கில விதியோ, வினைக்கு அருகில் உள்ள எழுவாயைப் பார் என்கிறது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்து ‘நானோ என் மனைவியோ வர மாட்டாள்’ என்று எழுதினால் என் மனைவியே பேனாவைப் பிடுங்கிவிடுவாள். எதற்கும் துணியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: மாட்டாரை விட்டுவிட்டு, ‘அண்ணனோ தங்கையோ வருவதாக இல்லை’ என்று எழுதிவிடலாம். அச்சகத்தில் நள்ளிரவில், கேட்க ஆளில்லாதபோது, நானும் இப்படித் தப்பித்திருக்கிறேன்.

நீண்ட வாக்கியத்தைச் சோதிக்க நான் செய்தது மிகச் சின்ன வேலை. முற்றுப்புள்ளியிலிருந்து தொடங்குவேன். கடைசி வினையை எடுத்து ‘யார்? எது?’ என்று கேட்பேன். பதிலாக வரும் சொல்லை வினைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு சொல்லாக உரக்கப் படிப்பேன். ‘குழு திரும்பினர்.’ காது உடனே மறுக்கும். இடையில் வரும் ‘நடத்திய’, ‘பெற்றுக்கொண்டு’ போன்ற எச்சங்களை அப்போதைக்குத் தொடவே வேண்டாம். அவற்றில் பால் விகுதி இல்லாததால் இயைபுப் பிழை ஒளிய இடமில்லை. பதிலாக ஒரு சொல்லும் அகப்படவில்லை என்றால் வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. மேலே காட்டிய வாக்கியத்தையே நான் எப்படி வெட்டுவேன் என்றால்: “வெள்ளத்தில் அழுகிய பயிர்களை அதிகாரிகள் மூன்று பேர் பார்வையிட்டனர். ஊராட்சித் தலைவருடனும் விவசாயச் சங்க நிர்வாகிகளுடனும் ஆலோசனை நடத்தினர். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு விவசாயியிடமும் மனு பெற்றுக்கொண்டு மாலையில் சென்னை திரும்பினர்.” குழு என்ற சொல்லே தேவைப்படவில்லை பாருங்கள்.

அடுத்த வாரம் மாணவர் பக்கத்தில் “தமிழிலும் இதே விதிதான்” என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போட்டால் போதும். ஆங்கிலப் பாடம் எழுதியவர் நன்றாகவே எழுதுகிறார். அவரை நிறுத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
தஞ்சாவூர்.