கோத்தகிரி உணவக வீடியோத் தொடர்: நாளை பேசப் போவது

எல்லாருக்கும் வணக்கம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து உணவக அண்ணனிடம் நாளை நம் யூடியூப் சேனலில் நான்கு வீடியோ கொண்ட தொடருக்கு ஆதரவு கேட்கிறேன். மொத்தப் பார்வைகளை மட்டும் காட்டினால் போதாது, சென்னையில் பார்ப்பவர் மதியச் சாப்பாட்டுக்கு மலையேறப் போவதில்லை. அதனால் யூடியூப் ஸ்டுடியோவில் நகரவாரியாகப் பிரித்து எடுத்திருக்கிறேன். படுகர் அவரைக் குழம்பு வீடியோவின் 18,000 பார்வைகளில் 4,100 கோவை, திருப்பூரிலிருந்து வந்தவை. வார இறுதியில் இங்கே வருவது இவர்கள்தான்.

அப்புறம், அந்த வீடியோவில் பார்வையாளர் எங்கே விலகுகிறார் என்பதைச் சொல்லும் வரைபடக் கோட்டையும் காட்டுவேன். அவரைக்காய் உரிக்கும் இடத்தில் அது சரியாமல் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு வீடியோவும் உணவகத்தின் அடுப்பங்கரையில்தான் தொடங்கும். இத்தனை பார்வை வரும் என்று உறுதி தர மாட்டேன். பணம் வாங்கினால் 'கட்டண விளம்பரம்' கட்டத்தில் கட்டாயம் டிக் போடுவோம், இதையும் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு யார் வருகிறீர்கள்? இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.